மூன்றாவது திரை

இந்த இதழ் ஒரு நாள் பிந்தி உங்கள் கைக்கு வந்திருக்கும். அச்சகத்தைக் காரணம் காட்டித் தப்பித்துக்கொள்ள இடமிருக்கிறது. ஆனால் அவர்கள் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள். நாங்கள்தான் ஒரு மத்தியானம் முழுவதையும் லேஅவுட் மேசைக்கு அடியில் குனிந்தபடி செலவழித்தோம். அந்த மத்தியானத்தைப் பற்றித்தான் இந்தப் பக்கம்.

எங்கள் லேஅவுட் அக்காவுக்கு நெடுநாளாக ஓர் ஆசை. பக்கம் ஒரு திரையில், மெய்ப்பு ஒரு திரையில், படங்களும் மெயிலும் இன்னொரு திரையில் இருக்க வேண்டும். புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரோ சாப்பாட்டு டப்பா அளவுதான். பின்பக்கம் ஒரு டிஸ்ப்ளேபோர்ட், ஒரு ஹெச்.டி.எம்.ஐ., அவ்வளவே. சிஸ்டம் பார்க்கும் தம்பி அசரவில்லை. "ஒரு டிபி போர்ட் போதும் சார். கம்ப்யூட்டர்லேருந்து முதல் மானிட்டர், அதுலேருந்து அடுத்தது, அதுலேருந்து அடுத்தது. பூச்சரம் மாதிரி கோத்துக்கிட்டே போகலாம்" என்றான். ஆங்கிலத்திலும் இதற்குப் பூவின் பெயர்தான், டெய்சி செயின். எங்கள் பட்ஜெட்டுக்கு ஏற்றபடி, இரண்டு மூன்று வருடம் ஓடிய 27 அங்குல மானிட்டர்கள் மூன்று வந்து இறங்கின. ஒவ்வொன்றும் 2560 × 1440 புள்ளிகள் கொண்டது.

கோத்தோம். முதல் திரை எரிந்தது. மற்ற இரண்டும் "சிக்னல் இல்லை" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டன.

முதலில் மானிட்டருக்கு என்ன தகுதி வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். டிஸ்ப்ளேபோர்ட் உள்ள எல்லா மானிட்டரையும் கோக்க முடியாது. வாங்கிக்கொள்ளும் போர்ட் எல்லாவற்றிலும் இருக்கும். அடுத்ததற்கு அனுப்பி வைக்கும் போர்ட் சிலவற்றில்தான் இருக்கும். பின்பக்கம் "டிபி அவுட்" என்று எழுதியிருப்பது அது. சில மானிட்டரில் பெயருக்குப் பதிலாக வெளியே போகும் அம்புக்குறி இருக்கும். இரண்டு டிபி போர்ட் இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்; இரண்டுமே உள்வாங்குபவையாக இருக்கலாம். சரத்தின் கடைசி மானிட்டருக்கு மட்டும் இந்த நிபந்தனை கிடையாது. அது யாருக்கும் எதையும் அனுப்பப் போவதில்லை, ஆகவே சாதாரண டிபி மானிட்டரே போதும். மூன்று திரை வேண்டுமென்றால் அவுட் உள்ளவை இரண்டு வாங்கினால் போதும் என்று இதற்குப் பொருள். எங்கள் தம்பிக்கு இது தெரியாததால் மூன்றுமே அவுட் உள்ளதாக வாங்கிவிட்டான். பணம் கொஞ்சம் கூடப் போனது, போகட்டும்.

போர்ட் இருந்தால் மட்டும் போதாது, அதை எழுப்பிவிடவும் வேண்டும். ஒரே கேபிளில் பல திரைகளுக்கான படங்களைத் தனித்தனி ஓடைகளாக அனுப்பும் முறைக்கு எம்.எஸ்.டி. என்று பெயர். அது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 தரத்தோடு 2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்தது. பல மானிட்டர்களில் இது அணைக்கப்பட்ட நிலையில்தான் பெட்டியிலிருந்து வெளியே வருகிறது. பழைய கிராஃபிக்ஸ் கார்டுக்கு இந்த மொழி தெரியாது, திரையே எரியாமல் போய்விடக்கூடும் என்ற முன்ஜாக்கிரதைதான் காரணம். ஆகவே மானிட்டரின் பொத்தானை அழுத்தி மெனுவுக்குள் போய், `MST` என்றோ `DP 1.2` என்றோ இருப்பதைத் தேடி நாமே இயக்க வேண்டும். முதல் மானிட்டரிலும் நடு மானிட்டரிலும் இயக்கி, கடைசியில் மட்டும் அணைத்தபடி விட்டுவிட வேண்டும். நாங்கள் மூன்றிலும் தொடவே இல்லை. அதனால்தான் இரண்டும் தூங்கின.

உங்கள் வீட்டில் இதே தவறு வேறு வேஷத்தில் வரக்கூடும். சில மானிட்டர்கள் எம்.எஸ்.டி. அணைந்திருக்கும்போது அடுத்ததை இருட்டாக விடாமல், தன் படத்தையே அப்படியே நகல் எடுத்துக் கொடுக்கும். இரண்டு திரையும் எரிகிறது, இரண்டிலும் ஒரே படம். விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்தால் இரண்டு திரை எரிந்தாலும் ஒரே ஒரு கட்டம்தான் தெரியும். அப்படித் தெரிந்தால் விண்டோஸைக் குடைந்து பயனில்லை. இரண்டாவது திரை இருக்கிறது என்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. மானிட்டர் மெனுவுக்குத்தான் போக வேண்டும்.

மெனுவைத் திருத்தியதும் மூன்றும் எரிந்தன. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூன்றாவது திரைக்கு மெய்ப்பை நகர்த்தினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "தம்பி, இந்தத் திரையில ஒற்றுப் புள்ளியெல்லாம் பிசுபிசுன்னு தெரியுது. 'ன்' எது 'ன' எதுன்னு பிடிபடல." எட்டிப் பார்த்தேன். மெய்தான். மெய்யெழுத்தின் மேலிருக்கும் புள்ளி, எண்ணெய் பட்ட காகிதத்தில் மை வைத்ததுபோல் பரவியிருந்தது. செட்டிங்ஸில் பார்த்தால் மூன்றாவது திரை 1920 × 1080இல் ஓடுகிறது. அகலத்தில் 1920 புள்ளிகளை 2560 புள்ளிகளின் மேல் இழுத்துப் பரப்பினால், ஒவ்வொன்றும் ஒன்றேகால் சொச்சம் இடத்தில் உட்கார வேண்டும். புள்ளியைப் பிளக்க முடியாது. அதனால் பக்கத்துப் புள்ளிமேல் கொஞ்சம் வழிகிறது. படம் பார்ப்பவருக்கு உறைக்காது. மெய்ப்புப் பார்ப்பவருக்கு அது பிழை திருத்தும் வேலையே கெட்டுப்போகிற சங்கதி. ரெசல்யூஷன் பட்டியலைத் திறந்தோம். 2560 × 1440 என்ற வரியே அதில் இல்லை.

கேபிளை மாற்றினோம். மானிட்டர்களை இடம் மாற்றினோம். எது மூன்றாவதாக நின்றாலும் அதற்குத்தான் அந்த வியாதி. மானிட்டரில் கோளாறு இல்லை என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். டிரைவரைக் கழற்றி மறுபடி போட்டுப் பார்த்துவிட்டுத்தான் புரிந்தது.

விஷயம் இதுதான். சரத்தில் எத்தனை மானிட்டர் இருந்தாலும், கம்ப்யூட்டருக்கும் முதல் மானிட்டருக்கும் நடுவே ஓடுவது ஒரே கேபிள். மூன்று திரைக்கான படமும் அந்த ஒரு கேபிள் வழியாகத்தான் போயாக வேண்டும். டிபி 1.2இன் வேகம் நொடிக்கு 21.6 கிகாபிட். அனுப்பும் முறையிலேயே ஐந்தில் ஒரு பங்கு செலவாகிவிடும். படத்துக்கென்று மிஞ்சுவது 17.28. இந்த அளவை எம்.எஸ்.டி. 64 துண்டுகளாகப் பிரித்துக்கொள்கிறது. 64 பெட்டி கோத்த ரயில் ஓயாமல் வந்துகொண்டே இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பெட்டி ரயில் கார்டுக்கு. எந்தப் பெட்டி யாருக்கு என்ற கணக்குகள் அதில் போகும். மீதி 63 பெட்டிகளை மானிட்டர்கள் முன்பதிவு செய்துகொள்ளலாம். முதல் மானிட்டர் தன் பெட்டிகளைத் தன் ஜங்ஷனில் கழற்றிக்கொண்டு மற்றவற்றை அடுத்த ஜங்ஷனுக்கு அனுப்பிவிடும்.

ஒரு பெட்டியின் கொள்ளளவு 17.28ஐ 64ஆல் வகுத்தால் வருவது, 0.27 கிகாபிட். எங்கள் மானிட்டர் ஒன்றை நொடிக்கு 60 முறை புதுப்பிக்க, வரிகளுக்கு நடுவே விடும் இடைவெளியையும் சேர்த்து, ஏறத்தாழ 5.8 கிகாபிட் வேண்டும். 0.27ஆல் வகுத்தால் 21.5. அரைப் பெட்டி எடுக்க முடியாது, ஆக 22. மூன்று மானிட்டருக்கு 66 பெட்டி. இருப்பது 63.

மூன்றே மூன்று பெட்டி குறைச்சல்! அதற்காகத்தான் அத்தனை கேபிளையும் பிடுங்கி மாட்டிக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது திரைக்கு 1920 × 1080 ஏன் கிடைத்தது என்பதும் இதிலேயே விளங்கும். அந்த அளவுக்கு 13 பெட்டி போதும். 22, 22, 13 சேர்த்தால் 57, வண்டியில் இடமிருக்கிறது. கிராஃபிக்ஸ் டிரைவர் இந்தக் கூட்டலை நமக்குச் சொல்லாமல் தானே போட்டுப் பார்த்துவிட்டு, இடம் கொள்ளாத அளவுகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. வேறு சில கம்ப்யூட்டர்களில் அந்தத் திரை கறுப்பாகவே நின்றுவிடும், அல்லது புதுப்பிக்கும் எண்ணிக்கை 60இலிருந்து 30க்கு இறங்கிவிடும். மவுஸை நகர்த்தும்போது அம்பு தத்தித் தத்திப் போனால் அதுதான் அறிகுறி. நீங்கள் மானிட்டர் வாங்குமுன் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். டிபி 1.2இல், 1920 × 1080 திரை என்றால் நான்கு வரை சேரும். ஐந்தாவதுக்கு 65 பெட்டி ஆகிவிடும். 4கே திரை 60இல் ஓட 48 பெட்டி கேட்கும். அதன் பின்னால் 1920 × 1080 ஒன்று நிற்கலாம், இன்னொரு 4கே நிற்காது.

தம்பி இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை. "சார், கம்ப்யூட்டர் அட்டையில டிபி 1.4னு போட்டிருக்கு. அது 1.2 இல்லை" என்றான். அவன் சொன்னதும் சரிதான். 1.4இன் வேகம் 32.4 கிகாபிட், அதே 64 பெட்டிதான், ஆனால் பெட்டி ஒவ்வொன்றும் பெரிது. எங்கள் மானிட்டருக்கு அதில் 15 பெட்டி போதும். மூன்றுக்கும் 45. தாராளமாக இடமிருக்கும்.

ஆனால் வேகத்தை முடிவு செய்வது கம்ப்யூட்டர் மட்டுமில்லை. கேபிளின் இரு முனையில் இருப்பவர்களும் பேசிவைத்து, இரண்டு பேராலும் முடிகிற வேகத்தில்தான் ஓடுவார்கள். கம்ப்யூட்டர் 1.4, எங்கள் மானிட்டர்கள் 1.2. ஆக வண்டி 1.2 வேகத்தில்தான் கிளம்பும். கடைகளில் பலரும் சறுக்குகிற இடம் இது. கிராஃபிக்ஸ் கார்டின் அட்டையைப் படிக்கிறோம், மானிட்டரின் உள்வாங்கும் போர்ட் எந்தத் தரம் என்று பார்ப்பதில்லை. அதிலும் பாரம் முழுவதும் முதல் கேபிளின் தலையில்தான். முதல் கேபிளில் மூன்று திரையின் படம், இரண்டாவதில் இரண்டு, கடைசியில் ஒன்று. ஒவ்வொரு கேபிளும் தன் வேகத்தைத் தனியாகத்தான் பேசி முடிக்கிறது. ஆகவே மூன்றையும் புதிதாக மாற்ற வேண்டியதில்லை. இருப்பதில் நல்ல மானிட்டரை முதலில் நிறுத்துவதுதான் கணக்கு. எங்களிடம் மூன்றும் ஒரே ரகம். அந்த வழியும் அடைபட்டது.

கடைசியில் செய்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். மூன்றாவது மானிட்டரைச் சரத்திலிருந்து கழற்றி, கம்ப்யூட்டரின் ஹெச்.டி.எம்.ஐ. போர்ட்டில் மாட்டினோம். டிபியில் இரண்டு திரை, 44 பெட்டி, ஹெச்.டி.எம்.ஐ.யில் ஒன்று. மூன்றும் 2560 × 1440. அக்கா 'ன்'னைப் பார்த்துத் தலையாட்டினார். மணி ஐந்தே கால். அந்த ஹெச்.டி.எம்.ஐ. போர்ட் காலையிலிருந்து சும்மாதான் கிடந்தது.

ஹெச்.டி.எம்.ஐ.யிலேயே சரம் கோக்கலாமே என்று கேட்காதீர்கள். அதில் இந்த வசதி கிடையாது, ஒரு போர்ட்டுக்கு ஒரு திரைதான். சரத்தின் நடுவிலும் கவனம் வேண்டும். கம்ப்யூட்டரில் மாட்டினால் வேலை செய்கிற நூறு இருநூறு ரூபாய் டிபி–ஹெச்.டி.எம்.ஐ. அடாப்டர், மானிட்டரின் அவுட் போர்ட்டில் பொதுவாக வேலை செய்யாது. அந்த மலிவு அடாப்டர் எதையும் மாற்றுவதில்லை, ஹெச்.டி.எம்.ஐ. சிக்னலைத் தரும்படி கம்ப்யூட்டரையே கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். கடைசித் திரை ஹெச்.டி.எம்.ஐ. மட்டும் உள்ள பழைய மானிட்டர் என்றால், ஆக்டிவ் அடாப்டர் என்று கேட்டு வாங்க வேண்டும்.

கிராஃபிக்ஸ் கார்டு பக்கம் பார்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது, அதற்கு எம்.எஸ்.டி. தெரியுமா. ஏ.எம்.டி.யில் 2010 இறுதியில் வந்த ரேடியான் ஹெச்.டி. 6000 வரிசையிலிருந்து, என்விடியாவில் 2012இன் ஜீஃபோர்ஸ் 600 வரிசையிலிருந்து, இன்டெலின் உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸில் 2013இல் வந்த நான்காம் தலைமுறையிலிருந்து இது உண்டு. ரிச்சி தெருவில் பழைய கார்டு பொறுக்குபவர்கள் இந்த மூன்று வருடங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, அந்த கார்டு மொத்தம் எத்தனை திரைகளை ஓட்டும். கேபிளில் பெட்டி மீதமிருந்தாலும், ஒவ்வொரு திரைக்கான படத்தையும் வரிசையாக எடுத்துக் கொடுக்க கார்டுக்குள் ஒரு தனிப் பகுதி வேண்டும். பல ஆண்டுகளாக இன்டெலில் அது மூன்று, புதியவற்றில் நான்கு. ஜீஃபோர்ஸில் நான்கு. ரேடியானில் சில கார்டுகள் ஆறு வரை போகும். லேப்டாப்பாக இருந்தால் அதன் சொந்தத் திரையும் இந்தக் கணக்கில் ஒன்று. மூன்று வெளித்திரை மாட்டிவிட்டு ஒன்று எரியவில்லை என்று தலையைச் சொறிகிறவர், லேப்டாப்பின் சொந்தத் திரையை டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அணைத்துப் பார்க்கட்டும். பெரும்பாலும் அந்த வெளித்திரை எரியும்.

லேப்டாப்பில் யூ.எஸ்.பி. சி வழியாகக் கோக்கிறவர்களுக்கு இன்னொரு சங்கதி. டிஸ்ப்ளேபோர்ட்டில் நான்கு தடங்கள். அதே சி கேபிளில் மானிட்டரின் வேகமான யூ.எஸ்.பி. போர்ட்டுகளும் ஓடும்போது, இரண்டு தடத்தை அவை எடுத்துக்கொள்ளும். நான் மேலே சொன்ன கணக்கு எல்லாம் பாதியாகிவிடும். 1.2 வேகத்தில் 2560 × 1440 திரை இரண்டுகூடச் சேராது. மானிட்டர் மெனுவில் யூ.எஸ்.பி.க்கு முன்னுரிமையா, படத்துக்கா என்று கேட்கும் வரி பலவற்றில் இருக்கிறது. அதைப் படத்தின் பக்கம் தள்ளினால் நான்கு தடமும் திரும்பக் கிடைக்கும். பென் டிரைவ் மெதுவாகும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு நல்ல செய்தி இல்லை. மேக் ஓ.எஸ். இந்தச் சரத்தைத் தனித்தனித் திரைகளாக விரிப்பதில்லை. கோத்த மானிட்டர் எல்லாம் ஒரே படத்தைத்தான் காட்டும். இதில் மானிட்டருக்கோ கேபிளுக்கோ பங்கில்லை. அதே மேக்கில் விண்டோஸைப் போட்டு இயக்கினால், இன்டெல் சிப் உள்ள பழைய மாடல்களில், திரைகள் பிரிந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். தண்டர்போல்ட்டில் கோப்பது வேறு கதை, அது மேக்கில் நடக்கும். அதற்குத் தண்டர்போல்ட் மானிட்டரே வேண்டும், விலையும் அப்படி.

லினக்ஸ் பிரியர்களுக்கு ஒரு சிறு வேடிக்கை. 2014இல் வந்த கெர்னல் 3.17 முதல் இன்டெல் கிராஃபிக்ஸில் எம்.எஸ்.டி. உண்டு. எங்கள் சரம் மூன்றாகக் கோத்திருந்தபோது தம்பி லினக்ஸில் துவக்கி இந்த வரியை அடித்தான்:

```
xrandr | grep " connected"
```

வந்த பெயர்கள் `DP-1-8`, `DP-1-1-8`, `DP-1-1-1`. அவற்றைப் பாதை விலாசம்போலப் படிக்க வேண்டும். எட்டு என்பது அந்த மானிட்டரின் சொந்தத் திரை. ஒன்று என்பது அங்கிருந்து வெளியே போகும் அவுட். ஆக முதல் பெயர் முதல் மானிட்டரின் திரை. இரண்டாவது, முதலாவதன் அவுட் வழியே போய் அங்கிருக்கும் திரை. மூன்றாவதன் முடிவில் எட்டு இல்லை. கடைசி மானிட்டரில் எம்.எஸ்.டி.யை அணைத்திருந்தோம் அல்லவா, அது ஜங்ஷனாக இல்லாமல் வெறும் திரையாக நிற்கிறது. எந்தப் பெயர் வரவில்லையோ, அதற்கு முந்தைய மானிட்டரில்தான் மெனுவைப் பார்க்க வேண்டும்.

எல்லாம் முடிந்து பக்கங்களை அனுப்பிய மறுநாள் மின்வெட்டு. கம்ப்யூட்டரும் அக்காவின் இரண்டாவது திரையும் யூ.பி.எஸ்.ஸில் இருந்தன. முதல் திரைக்கு யூ.பி.எஸ்.ஸில் பிளக் போதவில்லை என்று சுவரில் மாட்டியிருந்தோம். கரண்ட் போனதும் முதல் திரை அணைந்தது, கூடவே யூ.பி.எஸ்.ஸில் இருந்த இரண்டாவதும் இருண்டது. வண்டி நிற்கிற முதல் ஜங்ஷனிலேயே விளக்கு இல்லை என்றால் அடுத்த ஊருக்குப் பெட்டி எப்படிப் போகும்? திறந்திருந்த ஜன்னல்கள் அத்தனையும் ஹெச்.டி.எம்.ஐ. திரைமேல் குவிந்து கிடந்தன. இப்போது முதல் திரையும் யூ.பி.எஸ்.ஸில் இருக்கிறது. அதற்கு இடம் விட்டுக்கொடுத்தது என் மேசை விளக்கு.

அன்புடன்,
ஆசிரியர்